மடை வெட்டும் நொடியும் பலூனுக்கான வானமும்: ஒரு படக்கதைக் கட்டத்தின் கதை

மன்னார்குடியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கூட்டுறவுச் சங்கத்து ரசீதுப் புத்தகம் என்று போகிற தொழில். போன வருடம் கடைமடைப் பக்கத்து விவசாயிகள் நாலைந்து பேர் வந்தார்கள். முறைப்பாசனம் என்றால் என்ன, மேல்மடையும் கீழ்மடையும் ஏன் ஒருவருக்கொருவர் காத்திருக்க வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி எட்டுப் பக்கத்தில் ஒரு படக்கதை வேண்டும் என்றார்கள். ஓவியருக்குக் கொடுக்கும் அளவு பணம் அவர்களிடம் இல்லை. கடையில் இருக்கிற கணினியில், எழுதிச் சொன்னால் படம் தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் ஓடும். அதில் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

எட்டுப் பக்கத்தில் என்னை அதிகம் படுத்தியது இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது கட்டம். அந்த ஒரு கட்டத்துக்கு நான்கு நாள் ஆனது. மற்ற பக்கங்கள் பிறகு வேகமாக முடிந்ததற்கும் அந்த நான்கு நாள்தான் காரணம். அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கதை எளிமையானது. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி மூன்றாகப் பிரிந்து, பாமணியாறு வழியாகக் கிளை வாய்க்காலுக்கு வருகிறது. இதெல்லாம் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் கயல் என்ற சிறுமியும் அவள் தாத்தாவும். முதல் கட்டத்தில் காய்ந்த வாய்க்கால். இரண்டாவதில் இரவு, இருவரும் கரையில் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். மூன்றாவதில் விடிகாலை, தாத்தா மண்வெட்டியால் மடையை வெட்டிவிடுகிறார். நான்காவதில் மேல்மடைக்காரர் வந்து வாக்குவாதம். ஐந்தாவதில் வயலில் தண்ணீர்.

மூன்றாவது கட்டத்தில் வசனம் இது:

கயல்: "தாத்தா, தண்ணி வந்துக்கிட்டிருக்கு!"

தாத்தா: "மணி ஆறு. இப்பத்தான் நம்ம முறை. மேல்மடைக்காரங்க முறை முடியாம நாம மடையத் தொடக்கூடாது."

புத்தகத்தின் உயிரே அந்த இரண்டாவது வசனத்தில்தான் இருக்கிறது. படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் இந்த வசனம் நிற்க இடம் இல்லையென்றால் அந்தக் கட்டம் வீண்.

முதலில் எழுதிய ப்ராம்ப்ட்

என்ன படம் வேண்டும் என்று மாடலுக்கு எழுதிக் கொடுப்பதுதான் ப்ராம்ப்ட். எல்லாரும் எழுதுவது போலத்தான் எழுதினேன். நடப்பதைச் சொன்னேன், கடைசியில் வசனம் எழுதும் பலூனுக்கு இடம் கேட்டேன்.

```
Indian farmer breaking the mud bund with a hoe and
water rushing into the paddy field, granddaughter
watching, comic panel, space for speech bubbles
```

எட்டுப் படம் எடுத்தேன். எட்டிலும் ஒரே நோய். பின்னால் மலை, மலையில் படிப்படியாக வயல். நம் டெல்டாவில் எங்கே மலை? தாத்தா தலையில் ராஜஸ்தான் பக்கத்துத் தலைப்பாகை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது போல நம்மைப் பார்க்கிறார். வயல் ஏற்கெனவே தண்ணீரால் நிறைந்திருக்கிறது, வரப்போ உடையாமல் முழுசாக இருக்கிறது. மேலே வலது மூலையில் இரண்டு பலூன், அதற்குள் எந்த மொழியும் இல்லாத எழுத்து.

இதில் மூன்று தனித்தனித் தவறுகள் இருப்பது பிறகுதான் புரிந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பலூன் வந்தது என் சொல்லால். "space for speech bubbles" என்று நான் எழுதியதில் மாடல் பிடித்துக்கொண்டது "speech bubbles" என்பதை. இடம் கேட்டதை அது கேட்கவே இல்லை. சரி, மறுத்துச் சொல்லலாம் என்று "no speech bubbles" என்று போட்டேன். பலூன் இன்னும் அழுத்தமாக வந்தது. இந்த மாடல்களில் சொல்லைப் புரிந்துகொள்ளும் பகுதி, படமும் அதன் கீழே எழுதப்பட்ட குறிப்பும் சேர்ந்த ஏராளமான ஜோடிகளைப் பார்த்துக் கற்றது. குறிப்பு எழுதுகிறவர் படத்தில் இருப்பதை எழுதுவார். இல்லாததை எழுதுகிறவர் அபூர்வம். அதனால் "no" என்ற சொல்லுக்கு அங்கே வலு இல்லை, அதை அடுத்து வரும் சொல்லுக்குத்தான் வலு. வேண்டாததைச் சொல்ல நெகடிவ் ப்ராம்ப்ட் என்று தனிப் பெட்டி இருக்கிறது. அங்கே எழுத வேண்டும். மிட்ஜர்னி வைத்திருப்பவர்களுக்கு அதே வேலையை `--no` செய்யும்.

அதோடு முடியவில்லை. பெட்டியில் போட்ட பிறகும் நாலில் ஒன்றில் பலூன் எட்டிப் பார்த்தது. காரணம் "comic panel". காமிக்ஸ் என்றால் பலூன் உண்டு, கட்டத்துக்குக் கறுப்புக் கோடு உண்டு என்று மாடல் கற்றிருக்கிறது. அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு "ink line illustration, flat colors" என்று போட்டேன். பார்வைக்குப் படக்கதை போலவே இருந்தது, பலூனும் கோடும் போய்விட்டன. படக்கதைக்கு ப்ராம்ப்ட் எழுதும்போது காமிக்ஸ் என்ற சொல்லைத் தவிர்ப்பது விசித்திரமாகத் தோன்றும். எனக்கு இதைவிடப் பயன்பட்ட மாற்றம் வேறு இல்லை.

எந்த நொடி?

இரண்டாவது தவறு, ஒரே கட்டத்தில் மூன்று நேரத்தைக் கேட்டது. வரப்பை வெட்டுவது ஒரு நேரம், தண்ணீர் பாய்வது அடுத்த நேரம், வயல் நிறைவது அதற்கும் அடுத்தது. கதை சொல்லும்போது மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். படத்துக்கு ஒரே ஒரு நொடிதான். மூன்றையும் கேட்டால் மாடல் மூன்றையும் கலந்து, எதுவும் நடக்காத ஒரு படத்தைத் தரும். வரப்பு முழுசாக இருக்க, வயல் நிறைந்திருந்தது அதனால்தான்.

மடை வெட்டுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதை நொடி நொடியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதினேன். மண்வெட்டி தலைக்கு மேலே ஓங்கியிருக்கும் நொடி. அலகு மண்ணில் இறங்கும் நொடி. முதல் கட்டியை இழுத்ததும் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்து வெளியே வரும் நொடி. கசிவு மண்ணை அரித்து வாயை அகலப்படுத்தும் நொடி. கடைசியில் முழுப் பாய்ச்சல்.

முதலில் பிடித்தது, மண்வெட்டி ஓங்கிய நொடி. பார்க்கவும் வேகம் இருக்கும். ஆனால் ஓங்கிய மண்வெட்டியும் நிமிர்ந்த உடம்பும் கட்டத்தின் உச்சி வரை போய்விடும். வானம் முழுவதும் கையும் அலகும். பலூன் வைக்க இடம் கிடையாது. முழுப் பாய்ச்சலும் சரிப்படவில்லை. அப்போது தாத்தாவுக்குச் செய்ய எதுவும் இல்லை, நிமிர்ந்து நின்றுகொண்டிருப்பார், தலை மறுபடி மேலே.

மூன்றாவது நொடிதான் வேண்டியது என்று அப்போது தெரிந்தது. அலகு மண்ணுக்குள் இருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது, முதல் கீற்றாகத் தண்ணீர் வருகிறது. வளைந்த மனிதரின் தலை கட்டத்தின் பாதி உயரத்துக்கு மேல் வராது. மேல் பாதி தானாகவே காலியாகும். எந்த நொடியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே பலூனுக்கு எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானிக்கிறது. கயலையும் உட்கார வைத்துவிட்டேன். தண்ணீரைக் கிட்டத்தில் பார்க்கக் குந்தியிருக்கும் பிள்ளை, கதைக்கும் இயல்பு.

ப்ராம்ப்டில் இதை வினையாக எழுதாமல் நிலையாக எழுதினேன். "breaking the bund" என்றால் மாடலுக்கு அது ஒரு தலைப்பு மாதிரி. "hoe blade just sunk in a low mud bank" என்றால் அலகு எங்கே இருக்கிறது, முதுகு எப்படி இருக்கும் என்பது அதிலேயே வந்துவிடுகிறது. இன்னொன்று, "bund" என்ற சொல் நமக்குப் பழக்கம், பொதுப்பணித்துறைக் கடிதங்களில் எல்லாம் வரும். மாடலுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. "mud bank" என்றதும் வரப்பு போல ஒன்று வந்தது.

கேமரா எங்கே நிற்கிறது?

மூன்றாவது தவறு, கேமராவைச் சொல்லாமல் விட்டது. சொல்லாவிட்டால் நடுவில், கண் உயரத்தில், ஆளைப் பார்த்து நிற்கும். இரண்டாம் நாள் முழுக்க இதில்தான் போனது.

தண்ணீர் தெரிய வேண்டும் என்று முதலில் உயரத்திலிருந்து பார்ப்பதாக எழுதினேன், "high angle". படம் அழகாக வந்தது. வாய்க்கால், மடை, வயல் மூன்றும் வரைபடம் போலத் தெளிவு. ஆனால் கேமரா மேலே போய்க் கீழே குனிந்து பார்த்தால் தொடுவானம் கட்டத்தின் உச்சிக்கு ஏறிவிடும், அல்லது வெளியே போய்விடும். வானம் இல்லை. கட்டம் முழுக்க மண்ணும் தண்ணீரும் பயிரும். பலூனை எங்கே வைத்தாலும் எதையாவது மூடும். தண்ணீரைக் காட்டத்தான் அந்தக் கோணம், அதன் மேலேயே பலூனை ஒட்டினால் எதற்கு அந்தக் கோணம்?

அடுத்து "low angle". தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம். வானம் நிறையக் கிடைத்தது. ஆனால் அண்ணாந்து பார்க்கும்போது ஆள் பூதாகரமாகிறார், தாத்தா சினிமா போஸ்டர் நாயகன் மாதிரி வானத்தை மறைத்து நிற்கிறார். வளைந்த முதுகும் போயிற்று. கயல் எறும்பு அளவு.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்க வேண்டும், ஆனால் அண்ணாந்து பார்க்கக் கூடாது, நேராகப் பார்க்க வேண்டும். ஓவியம் படித்தவர்களுக்குத் தெரிந்த விதி இது: சமதரையில் தொடுவானக் கோடு, நிற்கிற எல்லா ஆளையும் கேமராவின் உயரத்தில் வெட்டும். கேமரா முழங்கால் உயரத்தில் இருந்தால், பக்கத்தில் நிற்பவருக்கும் தூரத்தில் நிற்பவருக்கும் கோடு முழங்காலில்தான் போகும். டெல்டா அப்படிப்பட்ட சமதரை. இங்கே தொடுவானம் ஒரு நேர்கோடு, அதற்கு மேலே தென்னையோ பனையோ ஒரு வரிசை, அதற்கு மேலே வெறும் வானம். பலூனுக்கு இதைவிட நல்ல ஊர் வாய்க்காது என்று அன்றைக்கு நினைத்தேன். மலை நாட்டுக் கதைக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் "camera at knee height" என்று மட்டும் எழுதினால் மாடல் அதைச் சில சமயம்தான் மதிக்கிறது. சில சமயம் முழங்காலையே நெருக்கத்தில் காட்டியது. அதோடு "horizon in the lower third" என்று கோட்டின் இடத்தையும் சொன்ன பிறகுதான் நிலைத்தது. கேமராவின் இடத்தைவிட, அந்தக் கேமராவால் படத்தில் என்ன தெரியும் என்பதைச் சொல்வது அதற்கு எளிதாகப் புரிகிறது.

அதே போலத்தான் காலி இடமும். "empty space at top" என்று எழுதியபோது மேலே வெள்ளைத் தாள் ஒட்டியது போல ஒரு பட்டை வந்தது. ஒருமுறை அந்த இடத்தில் பறவைக் கூட்டத்தை நிரப்பியது. காலி என்பது ஒரு பொருள் அல்ல, அதை வரையச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "plain pale morning sky fills the upper half" என்றதும் வெறும் வெளுத்த வானம் வந்தது. வெள்ளையடித்த சுவர், இருட்டு, அசையாத தண்ணீர் என்று எது கதைக்குப் பொருந்துமோ அந்தப் பொருளின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும்.

எவ்வளவு இடம் வேண்டும்

மேல் பாதி வேண்டும் என்று நான் கேட்டது குத்துமதிப்பாக அல்ல. படம் எடுப்பதற்கு முன்னால் வசனத்தை அச்சுக் கோத்துப் பார்த்தேன். டி.டி.பி. காரனுக்கு இது கைவந்த வேலை, இதை முதல் நாளே செய்யாமல் விட்டது என் பிழை.

புத்தகம் ஏ5 அளவு. ஓரம் போக ஒரு வரிசையின் அகலம் 128 மில்லிமீட்டர். மூன்றாவது கட்டம் முழு அகலம், உயரம் 62. எழுத்து 9 பாயிண்ட், வரிக்கு வரி 12 பாயிண்ட், அதாவது சுமார் 4.2 மில்லிமீட்டர். தமிழில் சொற்கள் நீளம். "வந்துக்கிட்டிருக்கு" என்ற ஒரு சொல்லே இந்த அளவில் இரண்டரை சென்டிமீட்டரைத் தொடும். ஆங்கிலப் படக்கதையில் வரிக்கு மூன்று நான்கு சொல் வைத்து உயரமான பலூன் போடுவார்கள். அதைப் பார்த்து நாமும் ஒடுக்கமான பலூன் போட்டால் சொல் நடுவில் உடையும். பிள்ளைகள் தடுமாறுவார்கள். தமிழுக்குப் பலூன் அகலமாக, தாழ்வாக இருக்க வேண்டும்.

தாத்தாவின் வசனம் மூன்று வரி, 52 மில்லிமீட்டர் அகலம். மூன்று வரிக்கு 12.7, மேலும் கீழும் காற்றுக்கு மும்மூன்று, ஆக 19 மில்லிமீட்டர் உயரம். கயலுடையது இரண்டு வரி, 34 அகலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 86, இடைவெளி போக அகலத்தில் அடங்கும். உயரத்தில் 19 என்றால் கட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே. அதோடு பேசுபவரை நோக்கிப் பலூனின் வால் இறங்க ஒரு 8 மில்லிமீட்டராவது வேண்டும். அப்படியே கூட்டினால் பாதிக்கு அருகில் வந்துவிடுகிறது. அதனால்தான் மேல் பாதி.

படத்தை 1344 x 768 அளவில் எடுத்தேன். கட்டம் இதைவிடத் தட்டையானது. அகலத்தை முழுதாக வைத்தால் உயரத்தில் சுமார் 650 புள்ளிதான் தேவை. மீதி 118 புள்ளியை மேலே வெட்டுவதா கீழே வெட்டுவதா என்பது என் கையில். வானம் குறைந்தால் கீழே மண்ணை வெட்டுவேன், தலை மேலே ஏறியிருந்தால் அந்தப் படம் வேண்டாம். இந்த உபரி உயரம் பல படங்களைக் காப்பாற்றியது. அச்சில் அங்குலத்துக்கு 267 புள்ளி வரும், இந்த மாதிரிப் புத்தகத்துக்குப் போதும்.

எடுத்த படம் தேறுமா என்று பார்க்க எளிய வழி வைத்திருந்தேன். அச்சுக் கோத்த பலூன் இரண்டின் அளவுக்குச் சாம்பல் நிறச் செவ்வகங்களைத் தனி அடுக்கில் வைத்து, ஒவ்வொரு படத்தையும் அதன் கீழே நுழைப்பேன். தலை, கை, அலகு, தண்ணீர்க் கீற்று எதுவும் செவ்வகத்துக்குள் போகக் கூடாது. பிறகு படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். அந்த அளவிலும் வளைந்த முதுகும் தண்ணீரும் தெரிந்தால் நொடி சரி. இரண்டும் பார்க்க அரை நிமிடம் ஆகாது. முன்பெல்லாம் முகம் அழகாக இருக்கிறதே என்று ஒரு படத்தில் மயங்கி, பலூன் வைக்கும்போதுதான் தவிப்பேன்.

தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

மூன்றாம் நாள் நல்ல படம் கிடைத்தது. தாத்தா இடது, கயல் வலது, மேலே வானம். பலூன் வைத்தேன். கயல் முதலில் பேச வேண்டும், அதனால் அவள் பலூன் இடது பக்கம். ஆனால் அவள் உட்கார்ந்திருப்பது வலது பக்கம். அவளுடைய வால் தாத்தாவின் வாலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. கயலின் பலூனை வலது பக்கம் கொண்டுபோனால், இடமிருந்து வலமாக வாசிக்கும் பிள்ளை தாத்தாவின் பதிலை முதலில் படித்துவிடும். முதலில் பேசுபவர் இடது பக்கம் இருக்க வேண்டும். வசனம் கையில் இருந்தும் ப்ராம்ப்டில் இதை யோசிக்கவில்லை.

சரி, படத்தைக் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிவிடலாம் என்று ஒரே சொடுக்கில் மாற்றினேன். பலூன் பொருந்திவிட்டது. பக்கத்தை அச்சடித்து, புத்தகம் கேட்டு வந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் வசனத்தைப் படிக்கவே இல்லை. முதல் கட்டத்தில் விரலை வைத்தார், மூன்றாவதில் வைத்தார். "ஏம்ப்பா, வாய்க்கா இங்க இப்புடிப் போவுது, அங்க திரும்பி வருது?"

அவர் சொன்னது சரி. முதல் கட்டத்தில் வாய்க்கால் இடமிருந்து வலமாகப் போகிறது. மூன்றாவதில் மாற்றிப்போட்டதால் வலமிருந்து இடம். சினிமாக்காரர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்வது இதைத்தான். நகரும் திசையில் மனத்தில் போட்டுக்கொள்ளும் கோடு அது, கேமரா அதன் அந்தப் பக்கம் போனால் திசை தலைகீழாகும். விவசாயியின் கண்ணுக்கு அது முகத்தைவிட முன்னால் தெரியும். காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, வரைபடத்தில் இடமிருந்து வலம், நாம் வாசிப்பதும் இடமிருந்து வலம். புத்தகம் முழுக்கத் தண்ணீர் அந்தத் திசையிலேயே போகட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இந்தத் திசை மாற்றத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஐந்தாவது கட்டத்தில் கயலின் அம்மா சேலையில் வருகிறார். அந்தப் படத்தைத் திருப்பினால் முந்தானை இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போய்விடும். நம் பக்கத்துப் பெண்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆள் இருக்கிற படத்தைத் திருப்பும் முன் உடுப்பைப் பார்க்க வேண்டும்.

ஆக மூன்றாவது கட்டத்தின் இடங்கள் முடிவாயின. தண்ணீர் இடது பக்கத்து வாய்க்காலிலிருந்து வருகிறது. கயல் இடது, வாய்க்கால் ஓரம். தாத்தா வலது, மடையில். வயல் அவருக்கு வலப்புறம். நான்காம் நாள் எழுதியது:

```
ink line illustration, flat colors, wide shot,
plain pale morning sky fills the upper half,
horizon in the lower third, camera at knee height,
small girl crouching at left by a narrow canal,
old South Indian man at right bent double,
cotton towel tied on head, broad hoe blade just
sunk in a low mud bank, first thin spurt of water
```

நெகடிவ் பெட்டியில்:

```
text, letters, speech bubble, frame, hills,
terraces, turban, conical hat, birds, sun
```

வானத்தைக் கிட்டத்தட்ட முதலிலேயே வைத்தது வேண்டுமென்றே. முன்னால் வருவது வலுவாக நிற்பதைப் பார்த்தேன். கடைசியில் வைத்தபோது வானம் சுருங்கியது. நீளத்திலும் கவனம் தேவை. இந்த மாடலில் சொல்லைப் புரிந்துகொள்ளும் பகுதி, ப்ராம்ப்டைச் சொல்லாகவும் சொல்லின் பகுதியாகவும் துண்டாக்கி, ஒரு தடவைக்கு 75 துண்டுகள் அளவுக்குத்தான் எடுக்கும். காற்புள்ளியும் ஒரு துண்டு. அதைத் தாண்டினால் மென்பொருளைப் பொறுத்து மீதி வெட்டப்படும், அல்லது அடுத்த மூட்டையாகப் போய்ப் பிணைப்பு தளரும். முன்பு நான் தாத்தாவின் வேட்டி, வெள்ளைத் தாடி, கயலின் பாவாடை நிறம் எல்லாம் எழுதி நிரப்பியதில் தண்ணீர்க் கீற்று வரம்புக்கு வெளியே போயிருந்தது. நொடியைக் காட்டும் சொல்லே விழுந்துவிட்டால் மீதி எதற்கு?

இடது வலதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாடல் அதை நம்பகமாகக் கேட்பதில்லை. எட்டுப் படத்தில் மூன்றில் கயல் வலது பக்கம் போனாள். அவற்றைத் திருப்பாமல் தள்ளிவிட்டேன். மீதி ஐந்தில் ஒன்றில் தாத்தாவுக்கு மூன்று கை, ஒன்றில் வானத்தில் மேகம் திரண்டு பலூனின் விளிம்பு தெரியாமல் போயிற்று. மூன்று தேறின. அதில் தண்ணீர்க் கீற்று மெலிதாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

மற்ற கட்டங்கள்

இதைக் கற்றபின் மீதி நான்கையும் சரிசெய்து முடிப்பது அரை நாள் வேலை. முதல் கட்டத்தில் பேச்சு கிடையாது, "பத்து நாளாகக் காய்ந்து கிடந்த வாய்க்கால்" என்ற ஒரு வரிப் பெட்டி மட்டும். அதற்கு மெல்லிய வானப் பட்டை போதும், அதனால் அங்கே உயரக் கோணத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினேன். வெடித்த மண் தெரிய அதுதான் வேண்டும்.

இரண்டாவது, இரவுக் கட்டம். இருட்டில் வெள்ளைப் பலூன் பளிச்சென்று நிற்கும், இடத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தேன். ஆனால் இரவு என்றாலே மாடல் பெரிய நிலாவைக் கொண்டுவந்து, பலூன் வைக்க நினைத்த இடத்திலேயே வைத்தது. "moon, stars" இரண்டையும் நெகடிவ் பெட்டியில் போட்டு, ஒளி கீழே வைத்த அரிக்கேன் விளக்கிலிருந்து வருவதாக எழுதியதும் மேலே வெறும் கருநீலம் கிடைத்தது.

நான்காவதில் இருவர் நேருக்கு நேர் பேசுகிறார்கள். இங்கே வானம் வேண்டியதில்லை. தாத்தாவின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதாக, "over the shoulder", எழுதினேன். அவருடைய முதுகும் தோளும் கட்டத்தின் இடது மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதில் பார்க்க எதுவும் இல்லை, வெறும் துணி. அதன் மேல் பலூன் ஏறினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. முதலில் பேசுவது தாத்தாதான், அவர் இடது பக்கம், வாசிப்பும் சரியாக வந்தது.

ஒன்று மட்டும் ப்ராம்ப்டால் கடைசி வரை தீரவில்லை, மண்வெட்டி. நம் மண்வெட்டியில் அலகு காம்புக்குக் குறுக்கே மடங்கி, வெட்டுபவரின் காலைப் பார்த்து இருக்கும். மாடல் வரைந்ததெல்லாம் தோட்டத்துக் களைக்கொத்து அல்லது நேர் அலகு ஷவல். "broad hoe" என்றது ஓரளவு உதவியது, அவ்வளவுதான். அலகு மண்ணுக்குள் பாதி மறைந்திருந்ததால் காம்பு சேரும் மூட்டை மட்டும் கையால் திருத்தி வரைந்தேன். கடைவாசலில் சாய்த்து வைத்திருந்த என் மண்வெட்டியைப் பார்த்துத்தான் வரைந்தேன், இருபது நிமிடம் ஆனது.

அச்சில் வந்தபோது கயலின் தலைக்கும் அவள் பலூனின் அடிக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் வானம் மிச்சம் இருந்தது. அதே பெரியவர் மறுபடி வந்து மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார். இந்த முறை வாய்க்காலிலிருந்து மடைக்கும், மடையிலிருந்து வயலுக்கும் விரலை நகர்த்திப் பார்த்துவிட்டு, தாத்தா பேசுவதை வாய்விட்டுப் படித்தார்.